பணி நிறைவு விழாவில் நான்கு நிமிடம்: ஒரு பேச்சை எழுதி முடிக்கும் வரை

எங்கள் பள்ளியில் யார் ஓய்வு பெற்றாலும் “தமிழாசிரியர் இரண்டு வார்த்தை பேசுவார்” என்று மைக் என்னிடம் வந்துவிடும். ஆரம்பத்தில் நிறையத் தப்பு செய்தேன். ஒரு விழாவில் பன்னிரண்டு நிமிடம் பேசினேன். ஓய்வு பெறுகிறவரின் வயதான அம்மா முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆறாவது நிமிடத்தில் அவர் எழுந்து வெளியே போக, மகனும் மேடையிலிருந்து இறங்கிப் பின்னாலேயே போய்விட்டார். மீதி ஆறு நிமிடம் அவருடைய காலி நாற்காலியைப் பார்த்துத்தான் பேசினேன். அந்த வருத்தத்துக்கு அப்புறம்தான் இதை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொண்டேன்.

2024 ஜூலை 31 அன்று ஓய்வு பெற்ற எங்கள் வேதியியல் ஆய்வக உதவியாளருக்காக எழுதிய பேச்சை வைத்தே முழு வேலையையும் சொல்கிறேன். குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளி. 33 வருஷம் ஒரே லேப். மாணவர்களிலிருந்து தலைமையாசிரியர் வரை அவரை “அண்ணா” என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கேயும் அண்ணன் என்றே எழுதுகிறேன்.

முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள்

எழுதிவிட்டுக் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் குறையாது. எழுதும் முன்பே நான்கு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெறுகிறவருக்குக் கடைசி நாள் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். மாதத்தின் கடைசி வேலைநாள். காலையிலிருந்து பொறுப்பு ஒப்படைப்பு நடக்கும். இருப்புப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு குடுவையையும் பியூரெட்டையும் எண்ணிக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அன்று பிற்பகல்தான் பணியிலிருந்து விடுவிப்பு. அதை முடித்துக்கொண்டு, சந்தன மாலை கழுத்தை அறுக்க, வந்தவர் போனவர் எல்லோரும் போர்த்திய சால்வைகளோடு உட்கார்ந்திருப்பார். கூட்டத்தில் பாதிப் பேர் காட்பாடி பக்கம் ரயிலோ பஸ்ஸோ பிடிக்க வேண்டியவர்கள். நாலே முக்காலுக்கு மேல் எல்லோர் கண்ணும் கடிகாரத்துக்குப் போய்விடும்.

நான் கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்ததில், மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80, 90 சொல்தான் போகிறது. நிறுத்தம், கைதட்டல் எல்லாம் சேர்த்தால் இன்னும் குறையும். அதனால் நான்கு நிமிடத்துக்கு 250, 300 சொல் போதும். ஏ4 தாளில் பெரிய எழுத்தில் ஒன்றரைப் பக்கம்.

இரண்டு வாரம் முன்பே விசாரியுங்கள்

வேலையில் பெரிய பகுதி இதுதான். எழுதுவது ஒரு மாலை நேரத்து வேலை. விசாரிப்பதற்குத்தான் நாள் வேண்டும்.

“அண்ணனைப் பற்றிச் சொல்லுங்க” என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். நல்லவர், நேரம் தவறாதவர், சிரித்த முகம். உண்மைதான், ஆனால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். நான் கேட்பது வேறு கேள்வி: “அவர் லீவு போட்ட அன்றைக்கு இங்கே எது நடக்காமல் போகும்?”

இதை நான்கு பேரிடம் கேட்டேன். வேதியியல் ஆசிரியர், லேபைக் கூட்டும் அம்மா, இரவுக் காவலர், பழைய மாணவர் ஒருவர். மேலதிகாரியிடம் கடைசியாகத்தான் கேட்பேன். அவருக்குத் தெரிந்தது பதிவேட்டில் இருக்கும் மனிதரை. தினமும் கூட நின்று வேலை செய்கிறவர்களுக்குத்தான் கை எப்படி வேலை செய்கிறது என்று தெரியும்.

கூட்டும் அம்மா யோசிக்கவே இல்லை. “வாளி இருக்காது சார்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. லேப் கதவுக்குப் பின்னால் தினமும் இரண்டு வாளித் தண்ணீர் இருக்கும். அண்ணன் வராத நாளில் காலி வாளி கவிழ்ந்து கிடக்கும். அது ஏன் என்று வேதியியல் ஆசிரியரிடம் கேட்டபோதுதான் 1998இல் லேபில் நடந்த அமில விபத்து தெரிய வந்தது. என்னிடம் இப்போது மூன்று விஷயம் சேர்ந்திருந்தன. ஒன்று, வாளி. இரண்டு, சீசாக்களில் ஒட்டிய லேபிளை அமில ஆவி அரித்துவிடும் என்பதால் அண்ணன் மெழுகுவர்த்தியை உருக்கி மேலே பூசி வைப்பார். அந்த மெழுகுக்கு அடியில் அவருடைய குண்டு குண்டான கையெழுத்து இருபது வருஷமாக மங்காமல் இருக்கிறது. மூன்றாவது, வீட்டிலிருந்து வந்தது. கிப் கருவி வைத்து ஹைட்ரஜன் சல்பைடு எடுத்த காலத்தில், செய்முறைத் தேர்வு முடியும் வரை சட்டையெல்லாம் அழுகிய முட்டை வாசனை அடிக்கும். கொல்லைப் பக்கமாக வந்து குளித்த பிறகுதான் அண்ணன் வீட்டுக்குள் நுழைவார். இதை அவர் மகளிடம் போனில் பேசித் தெரிந்துகொண்டேன்.

கேட்டதைச் சரிபாருங்கள்

எனக்கு முதலில் வந்த கதையில், ஒரு பெண்ணின் முகத்தில் சல்பியூரிக் அமிலம் தெறித்தது என்று இருந்தது. இன்னொருவர் வேறு மாதிரி சொன்னார். அன்றைக்கு அங்கே இருந்த ஆசிரியர் ஓய்வு பெற்று வாலாஜாபேட்டையில் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். முகம் இல்லை, புறங்கை. சல்பியூரிக் இல்லை, நைட்ரிக். பட்ட இடம் மஞ்சளாக ஆனது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. நைட்ரிக் அமிலம் தோலில் பட்டால் அப்படித்தான் மஞ்சளாகும், அதனால் அவர் சொன்னதுதான் சரி.

இந்தச் சிரமம் எதற்கு என்றால், கதையின் நாயகர் மேடையிலேயே உட்கார்ந்திருக்கிறார். விவரம் தப்பாக இருந்தால் அவர் லேசாகத் தலையை ஆட்டுவார். கூட்டம் அதைப் பார்த்துவிடும். அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் நம்பாது.

சம்பவத்தில் வேறு யாராவது இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அந்த மாணவிக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல். பழைய மாணவர் மூலம் எண் வாங்கிக் கேட்டேன். “தாராளமா சொல்லுங்க சார், என் பேர் மட்டும் வேண்டாம்” என்றார். அதுபோலவே, அன்று வகுப்பில் யார் கவனக்குறைவு என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை. பாராட்டு விழாவில் ஒருவரை உயர்த்த இன்னொருவரை இறக்கினால், இறங்கியவரின் முகத்தைத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

மூன்றும் நல்ல விஷயம்தான். மூன்றையும் சம அளவில் சொல்லியிருந்தால் ஒன்றும் மனதில் நின்றிருக்காது. வாளியை நடுவில் வைத்தேன். சட்டை வாசனையை அண்ணிக்கு நன்றி சொல்லும் இடத்தில் ஒரு வரியாக வைத்தேன். மெழுகு லேபிளை விட்டுவிட்டேன். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், விட மனசே இல்லை. ஆனால் வாளிக்கும் லேபிளுக்கும் ஒரே குணம்தான் அடிப்படை: கெட்டுப்போவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது. ஒரே குணத்துக்கு இரண்டு சாட்சி வேண்டாம். விழாவுக்கு முந்தின நாள் வேதியியல் ஆசிரியரைக் கூப்பிட்டு அந்த லேபிளை அவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் அதை அழகாகப் பேசினார்.

இப்படி மற்ற பேச்சாளர்களோடு முன்பே பேசிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் ஐந்து பேரும் “காலையில் முதல் ஆளாக வருவார்” என்று தொடங்குவார்கள்.

தொடங்கும் விதம்

“மேடையில் வீற்றிருக்கும்” என்று ஆரம்பித்து எல்லோருக்கும் ஓர் “அவர்களே” போட்டால் ஒன்றரை நிமிடம் போய்விடும். வரவேற்புரையில் அத்தனை பேரின் பெயரும் ஏற்கெனவே வந்திருக்கும். நீங்கள் அவைக்கு ஒரு வணக்கம், ஓய்வு பெறுகிறவருக்கும் குடும்பத்துக்கும் ஒரு வணக்கம் சொன்னால் போதும். மரியாதைக் குறைவாகத் தோன்றுமோ என்று பயமாக இருந்தால், தலைமை தாங்குகிறவரிடம் விழாவுக்கு முன்பே “சார், நேரமில்லை, பொதுவாகவே வணக்கம் சொல்லிவிடுகிறேன்” என்று சொல்லிவிடுங்கள். இதுவரை யாரும் என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை.

வணக்கம் முடிந்ததும் நேராகப் பொருளுக்குப் போங்கள். இதோ நான் பேசியது.

*அவைக்கு வணக்கம். அண்ணனுக்கும் அண்ணிக்கும், வீட்டிலிருந்து வந்திருக்கும் எல்லோருக்கும் தனியாக ஒரு வணக்கம்.*

*நம் வேதியியல் லேபுக்குள் நுழைந்ததும் இடது பக்கம், கதவுக்குப் பின்னால், இரண்டு வாளி இருக்கும். ஒன்று நீலம், ஒன்று பச்சை. காலை எட்டரைக்கு இரண்டிலும் தண்ணீர் விளிம்பு வரை நிற்கும். சாயங்காலம் அந்தத் தண்ணீர் வாசலில் இருக்கும் வேப்பமரத்துக்குப் போகும். மறுநாள் மறுபடியும் புதுத் தண்ணீர். நான் இந்தப் பள்ளிக்கு வந்து பதினோரு வருஷம். அது தரை துடைக்கிற தண்ணீர் என்றே நினைத்திருந்தேன்.*

*1998. ஒரு மதியம். ப்ளஸ் டூ செய்முறை வகுப்பு. ஒரு மாணவியின் புறங்கையில் நைட்ரிக் அமிலம் பட்டுவிட்டது. அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மேல்தொட்டி காலி. அப்படியே சத்துணவுக் கூடத்துக்கு ஓடினார். அங்கே அண்டாவில் தண்ணீர் இருந்தது. கால் மணி நேரம், சொம்பு சொம்பாக, அந்தக் கையில் ஊற்றிக்கொண்டே இருந்தார். ஊற்றும்போது அவளிடம் பேசிக்கொண்டே இருந்தார். “எந்த ஊரும்மா? எந்த பஸ்ல வர? சாயங்காலம் உட்கார இடம் கிடைக்குமா?”*

*அந்தக் கையில் கொஞ்ச நாள் மஞ்சள் கறை இருந்தது. தழும்பு இல்லை.*

*மறுநாள் காலை லேபில் இரண்டு வாளி இருந்தது. யாரும் சொல்லவில்லை. சுற்றறிக்கை வரவில்லை. தன் காசில் வாங்கி வந்தார். வாளி உடைந்தால் வேறு வாளி வந்தது. தண்ணீர் மட்டும் இருபத்தாறு வருஷமாக, அண்ணன் வந்த ஒரு நாளும் குறையவில்லை.*

*அண்ணன் வேலைக்குச் சேர்ந்த 1991இல் நாம் வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அப்புறம் வேலூர் மாவட்டம் ஆனோம். 2019இல் அதுவும் மூன்றாகப் பிரிந்தது. லேப் சாவி மட்டும் ஒரே கையில் இருந்தது.*

*அண்ணி, கிப் கருவி இருந்த வருஷங்களில் அண்ணனுடைய சட்டையில் என்ன வாசனை வரும் என்று எங்களுக்குத் தெரியும். அதைத் துவைத்தவர் நீங்கள். எங்கள் எல்லோர் சார்பிலும் உங்களுக்கு நன்றி.*

*அண்ணா, இன்று காலையும் வாளியை நீங்கள்தான் நிரப்பினீர்கள். நான் பார்த்தேன். நாளை காலை எட்டரைக்கு நாங்கள் நிரப்புகிறோம். நீங்கள் எப்போது வந்தாலும் கதவுக்குப் பின்னால் பாருங்கள்.*

இதில் என்ன செய்திருக்கிறேன்

“பொறுப்பானவர்”, “அர்ப்பணிப்பு” என்ற சொற்கள் பேச்சில் எங்கும் இல்லை. முதல் வரைவில் மூன்று இடத்தில் இருந்தன. வாளியைச் சொன்ன பிறகு அந்தச் சொற்கள் தேவைப்படவில்லை, அடித்துவிட்டேன். உங்கள் வரைவிலும் குணத்தைச் சொல்லும் சொற்களுக்கு அடியில் கோடு போடுங்கள். பக்கத்தில் ஒரு செயல் இருந்தால் சொல்லை எடுத்துவிடலாம். செயல் இல்லை என்றால் இன்னும் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

மாவட்டப் பெயர் வரும் பத்தி அவருடைய பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தபோது தோன்றியது. முதலில் அங்கே பணி வரலாறு முழுவதையும் வைத்திருந்தேன், எந்த வருஷம் தேர்வுநிலை, எந்த வருஷம் சிறப்புநிலை என்று. அதைத் தலைமையாசிரியர் எப்படியும் வாசிப்பார். 33 வருஷம் எவ்வளவு நீளம் என்பது கேட்கிறவர்களுக்கு உறைக்க ஒரு வரி போதும்.

கடைசிப் பத்தி வரை “அவர்” என்று கூட்டத்திடம் பேசுகிறேன். கடைசியில் மட்டும் அவர் பக்கம் திரும்பி “அண்ணா, நீங்கள்” என்கிறேன். தொடக்கத்திலிருந்தே அவரைப் பார்த்துப் பேசினால், எல்லோர் முன்னாலும் நான்கு நிமிடம் தன் புகழைக் கேட்டுக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவர் தவிப்பார். ஒரு முறை திரும்பினால் போதும். கூப்பிடும் சொல் வருஷக்கணக்காகக் கூப்பிட்டதாகவே இருக்கட்டும். தினமும் அண்ணா என்று கூப்பிட்டவரை மேடையில் “திருவாளர்” ஆக்கினால் அவருக்கே அந்நியமாக இருக்கும்.

கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறது, அதைக் கவனியுங்கள். எழுதும் முன்பே வேதியியல் ஆசிரியரிடம் பேசி, யார் எந்த நாளில் நிரப்புவது என்று முடிவு செய்துகொண்டோம். செய்ய முடியாததை மேடையில் சொல்லாதீர்கள்.

எந்தச் சொற்களை விட வேண்டும்

இங்கேதான் நம் மொழியில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். “அன்னார்”, “ஈடுசெய்ய முடியாத இழப்பு”, “நம்மை விட்டுப் பிரிகிறார்”: இவை இரங்கல் கூட்டத்தின் சொற்கள். உயிரோடு உட்கார்ந்திருப்பவர் முன்னால் இதைக் கேட்டால் வீட்டுப் பெரியவர்களுக்குச் சுருக்கென்று இருக்கும். காலமும் அப்படியே. “மிக நல்ல மனிதராக இருந்தார்” என்றால் இப்போது இல்லையா என்று கேட்கத் தோன்றும். நடந்த சம்பவத்துக்கு இறந்தகாலம், குணத்துக்கு நிகழ்காலம். “ஊற்றினார்” சரி. “அன்பானவராக இருந்தார்” வேண்டாம், “அன்பானவர்” போதும்.

“இனி ஜாலியாகப் பென்ஷன் வாங்கிக்கொண்டு பேரன் பேத்தியோடு” என்ற வரியையும் விட்டுவிடுங்கள். 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் கிடையாது. அந்த வரி அவர்களுக்கு வலிக்கும், கூட்டத்தில் பாதிப் பேர் அவர்களாகவே இருப்பார்கள். பேரன் பேத்தி எல்லோருக்கும் இருப்பதில்லை. கல்யாணம் ஆகாத பிள்ளை, உடம்பு சரியில்லாத மனைவி, பேரில் நிற்கும் தணிக்கைத் தடை எதையும் தொடக் கூடாது, ஆறுதலாகக்கூட.

வாய்விட்டுப் படியுங்கள், பிறகு மேடை

மூன்று முறை சத்தமாகப் படியுங்கள், நேரம் வைத்து. மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். நாக்கு தடுக்கும் எழுத்துநடைச் சொல்லை மாற்றுங்கள். முதலில் “கரம்” என்று எழுதியிருந்தேன், வாய்க்கு வந்தது “கை”தான்.

தொண்டை அடைக்கும் இடம் எது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். எனக்கு அது “தழும்பு இல்லை” என்ற வரி. தாளில் அந்த வரிக்குப் பிறகு ஒரு பெரிய இடைவெளி விட்டேன். அங்கே நிறுத்தி, தண்ணீர் குடித்து, அப்புறம் தொடரலாம். கூட்டம் காத்திருக்கும், அவசரமே இல்லை. மனப்பாடம் வேண்டாம். முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் பார்க்காமல் வந்தால் போதும், நடுவில் தாளைப் பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை.

உங்களுக்கு முன்னால் பேசியவர்கள் நேரத்தைத் தின்றுவிட்டால் எதை விடுவது என்று முன்பே பென்சிலில் குறித்து வையுங்கள். நான் மாவட்டப் பத்தியைக் குறித்திருந்தேன். வாளியும் அண்ணிக்கான நன்றியும் எந்த நிலையிலும் போகக் கூடாது. அன்று விடத் தேவைப்படவில்லை. மூன்றே முக்கால் நிமிடத்தில் முடிந்தது.

அண்ணி என்ற சொல் வந்ததும், அதுவரை மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். பக்கத்தில் இருந்த மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மேடையில் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பேச்சை நல்ல தாளில் கையால் எழுதி, தேதி போட்டு, இன்னொரு பிரதி வைத்திருந்தேன். சால்வைகளையும் நினைவுப் பரிசையும் காரில் ஏற்றும்போது அதை அண்ணியிடம் கொடுத்தேன். மறுநாள் காலை எட்டே காலுக்கு அண்ணனிடமிருந்து போன். “சார், பச்சை வாளி அடியில லேசா கசியுது. சொல்ல மறந்துட்டேன்.”